குழுச் செய்தியின் தகவல் திரையில் இருந்த நேரங்கள் புதிய கைபேசியில் இல்லை: அந்தப் பதிவு எவ்வளவு காலம் இருக்கும்?

மலைவேன் செயலர், ஏற்காடு

ஏற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து சேலத்துப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர்களுக்கென நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். என்னையும் சேர்த்து 31 பேர். சென்ற செவ்வாய் இரவு 9:40 மணிக்கு, மலைப்பாதையில் பாறை சரிந்திருப்பதால் காலையில் அனைவரும் குப்பனூர் வழியாகவே இறங்க வேண்டும் என்று நான் அதில் எழுதினேன். ஓட்டுநர் ஒருவர் மட்டும் மறுநாள் வழக்கமான பாதையிலேயே சென்று, தடுப்பில் திருப்பி அனுப்பப்பட்டு, பிள்ளைகளை 50 நிமிடம் தாமதமாகப் பள்ளியில் சேர்த்தார். பெற்றோர் புகார் கொடுத்துவிட்டனர். தமக்குச் செய்தி வந்து சேரவே இல்லை என்பது அவருடைய விளக்கம்.

புதன் காலை 11 மணி அளவில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் திரையைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 5:52 மணிக்குச் சேர்ந்தது என்றும் 6:05 மணிக்குப் படிக்கப்பட்டது என்றும் இருந்தது. அவர் வண்டியை எடுப்பது 6:30 மணிக்கு. நான் படம் எடுத்து வைக்கவில்லை. அன்று பிற்பகல் 3 மணிக்குப் பெய்த மழையில் என் கைபேசி நனைந்து முற்றிலும் செயலிழந்தது. வியாழன் மாலை புதிய கைபேசி வாங்கி, அதே எண்ணில் பதிந்து, கூகுள் டிரைவில் இருந்த பேக்கப்பை மீட்டேன். செய்தி இருக்கிறது. ஆனால் தகவல் திரையில் `Read by` என்பதன் கீழ் 19 பேர், `Delivered to` என்பதன் கீழ் 5 பேர், மீதம் `6 remaining` என்று காட்டுகிறது. அந்த ஓட்டுநர் இப்போது அந்த ஆறு பேரில் ஒருவர்.

ஞாயிறன்று சங்கக் கூட்டம். இந்தத் திரையைக் காட்டினால் அவர் சொல்வதே உண்மை என்று ஆகிவிடும். இந்த நேரப் பதிவுகளுக்கு ஏதேனும் காலக்கெடு உண்டா? அழிந்தவற்றை எங்கிருந்தாவது திரும்பப் பெற முடியுமா?

அஸ்தம்பட்டி டியூஷன் ஆசிரியை

ஏழு நாள்தான் ஐயா. எங்கள் டியூஷன் குழுவில் 80 மாணவர்கள் இருக்கிறார்கள். தேர்வு அட்டவணையை யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு வாரம் வரை பெயர் பெயராகத் தெரியும், அதற்கு மேல் அந்தப் பட்டியலே திறப்பதில்லை. நான் மூன்று பருவத் தேர்வுகளாக இதைக் கவனித்து வருகிறேன். ஆகவே கூட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரி

ஏழு நாள் அல்ல, 30 நாள். வாட்ஸ்அப் தன் சர்வரில் 30 நாள் வரைதான் எதையும் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும் என்று அதன் தனியுரிமைக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். செயலர் ஐயாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் அந்த நேரங்களைக் கொடுக்கக்கூடும்.

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

மேலே சொல்லப்பட்ட இரண்டு கணக்குகளும் உண்மையானவை. ஆனால் இரண்டும் வேறு பொருள்களைப் பற்றியவை என்பதால், முதலில் அவற்றைப் பிரித்துவிட்டுச் செயலருடைய கேள்விக்கு வருகிறேன்.

ஆசிரியை அம்மா சொல்லும் குழு டெலிகிராமில் இருப்பது என்று ஊகிக்கிறேன். அங்கே 100 பேருக்கு உட்பட்ட சிறு குழுக்களில் மட்டும் ஒரு செய்தியை யார் படித்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். செய்தி அனுப்பப்பட்ட ஏழு நாளில் அது நீக்கப்படும். அந்தப் பட்டியல் டெலிகிராமின் சர்வரில் வைக்கப்படுவதால்தான் அவர்களால் அதற்கு ஒரு காலக்கெடு விதிக்க முடிகிறது.

வியாபாரி அண்ணன் குறிப்பிடும் 30 நாள் என்பது, பெறுபவரிடம் இன்னும் சேராமல் காத்திருக்கும் செய்திக்கு உரிய காலம். ஒருவருடைய கைபேசி ஒரு மாதம் முழுவதும் அணைந்தே கிடந்தால், அவருக்காகக் காத்திருந்த செய்தி சர்வரிலிருந்து நீக்கப்படும். அதன் பிறகு அவர் பெயர் `remaining` எண்ணிக்கையிலேயே நின்றுவிடும், குழுச் செய்திக்கு இரண்டாவது டிக்கும் விழாது. ஏனென்றால் குழுவில் உள்ள எல்லோருக்கும் சேர்ந்தால்தான் அந்த டிக் விழுகிறது. எல்லோரும் படித்தால்தான் நீலமாகிறது.

யாருக்கு எப்போது சேர்ந்தது, யார் எப்போது படித்தார் என்ற நேரங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவருடைய கைபேசியில், செய்திகள் இருக்கும் அதே தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பின் பெயர் `msgstore.db`. அதில் `receipt_user` என்றொரு அட்டவணை உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வரி என்ற கணக்கில், சேர்ந்த நேரம் `receipt_timestamp` என்ற பத்தியிலும் படித்த நேரம் `read_timestamp` என்ற பத்தியிலும் விழும். குரல் பதிவாக இருந்தால் கேட்ட நேரத்துக்கும் ஒரு பத்தி உண்டு. இதற்குத் தனியான காலக்கெடு எதுவும் இல்லை. அந்தச் செய்தி அந்தக் கைபேசியில் இருக்கும் வரை இந்த வரிகளும் இருக்கும், செய்தியை நீக்கினால் இவையும் சேர்ந்து போகும். மறையும் செய்திகள் என்ற அமைப்பை 24 மணி நேரத்துக்கோ 7 நாளுக்கோ 90 நாளுக்கோ வைத்திருந்தாலும் அதே கதிதான்.

செயலரிடம் நடந்திருப்பது வேறு. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் நாள்தோறும் அதிகாலை 2 மணிக்குத் தரவுத்தளத்தின் நகலை எடுக்கிறது. டிரைவ் பேக்கப்பும் தினசரி என்று வைத்திருந்தால் அதே வேளையில்தான் மேலே செல்லும். நீங்கள் மீட்டது புதன் அதிகாலை 2 மணிக்கு உங்கள் கைபேசி அறிந்திருந்த நிலையை. 5:52 அந்த நகலில் இருக்க வழியே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரி

நீங்கள் சொன்ன பிறகு என் கைபேசியில் பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு முன் மஞ்சள் விலை குறித்து நான் அனுப்பிய குழுச் செய்திக்கு இன்றும் அத்தனை பேருடைய நேரமும் நிமிடம் வரை நிற்கிறது. அவர்களில் மூவர் குழுவை விட்டே போய்விட்டார்கள், ஆனால் அவர்களுடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 30 நாள் என்று நான் சொன்னது தவறு.

ஆனாலும் ஒரு சந்தேகம். மறுபடி பதிந்தவுடன் சர்வரிலிருந்து அந்த நேரங்கள் மீண்டும் வரக்கூடாதா? என் மகன் கைபேசி மாற்றியபோது மாற்றிய இரண்டு நாளில் சில பெயர்கள் புதிதாக வந்து சேர்ந்தனவே.

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

குழுவை விட்டுப் போனவர் பெயர் பட்டியலில் நிற்பது சரிதான். அனுப்பிய நேரத்தில் யார் யார் உறுப்பினரோ அவர்கள்தான் அந்தச் செய்தியின் பெறுநர்கள். அதன் பின் சேர்ந்தவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

உங்கள் மகனுக்கு வந்தவை, கைபேசி மாற்றிய பிறகு அந்த உறுப்பினர்கள் குழுவைத் திறந்ததால் புதிதாகப் பிறந்த அறிவிப்புகளாக இருக்கும். பெறுபவருடைய கைபேசி 'சேர்ந்தது', 'படிக்கப்பட்டது' என்ற அறிவிப்பை ஒரு முறை அனுப்புகிறது. அனுப்பியவருடைய கைபேசி அதை வாங்கிக்கொண்டதும் அதன் வேலை முடிந்தது. நம்முடைய பழைய பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை அனுப்பியவர் வீட்டுக்கு ஒரே முறை வந்ததைப் போல. வந்த அட்டை வீட்டில் வெள்ளம் புகுந்து அழிந்தால், அஞ்சல்காரர் அதே அட்டையை மறுபடி கொண்டுவர மாட்டார். செயலரின் பழைய கைபேசி புதன் 5:52-ஐயும் 6:05-ஐயும் உயிரோடு இருந்தபோதே வாங்கிவிட்டது. அவை இனி வாரா.

செயலர் ஐயா, ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் திரையில் உள்ள 24 பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். புதன் அதிகாலை 2 மணிக்கும் வியாழன் மாலை நீங்கள் புதிய கைபேசியில் பதிந்த நேரத்துக்கும் இடையில் ஒரே ஒரு நேரமாவது இருக்கிறதா?

மலைவேன் செயலர், ஏற்காடு

ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிட்டேன். செவ்வாய் இரவு 9:41 தொடங்கி நள்ளிரவு 12:50 வரை நேரங்கள் இருக்கின்றன. அதன் பிறகு எதுவும் இல்லை. `Delivered to` என்பதன் கீழ் உள்ள ஐந்து பேரும் செவ்வாய் இரவே செய்தி சேர்ந்தவர்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடப் படித்ததாகக் காட்டவில்லை. அந்த ஐந்து பேரும் புதன் காலையில் ஒழுங்காகக் குப்பனூர் வழியாகத்தான் இறங்கினார்கள்.

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

இதைத்தான் எதிர்பார்த்தேன். 5 மணிக்கே எழுந்து வண்டி துடைக்கும் 30 ஓட்டுநர்களில் ஒருவர்கூடப் புதன் காலை முழுவதும் குழுவைத் திறக்கவில்லை என்பது நடக்கக்கூடியதல்ல. பெயர்களுக்கு நடுவே பொதுவாக ஓர் இடைவெளி ஒரே நேரத்தில் தொடங்கினால், அது உங்கள் கைபேசியின் மறதியைக் காட்டுகிறது. உறுப்பினர்கள் படிக்காததை அது காட்டவில்லை.

இதைக் கூட்டத்தில் உள்ளவர்களுக்கும் காட்ட ஒரு வழி இருக்கிறது. புதன் காலையில் அந்தச் செய்திக்குக் கீழே யாரேனும் 'சரி' என்று பதில் எழுதியிருந்தால், அந்தப் பதில்கள் உங்கள் பேக்கப்புக்குப் பிறகு வந்தவை. ஆகவே உங்கள் புதிய கைபேசியில் இருக்காது, மற்றவர்களுடைய கைபேசியில் இருக்கும். பொருளாளருடைய கைபேசியில் பாருங்கள். அந்த ஆறு பேரில் எவரேனும் அப்படிப் பதில் எழுதியிருந்தால், சேரவில்லை என்று உங்கள் திரை சொல்வது முழுமையற்றது என்பது எவருக்கும் விளங்கும்.

நாகலூர்ப் பக்கத்துத் தாய்

என் மகனும் அந்த வேன்களில் ஒன்றில்தான் போகிறான், ஆகவே இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. எங்கள் ஊரில் இரவில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஓட்டுநர் அண்ணன் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. 6:05 மணிக்கு அவர் கைபேசி வீட்டில் யார் கையில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? என் கணவருடைய கைபேசியைக் காலையில் முதலில் எடுப்பது என் மகள். விளையாட்டைத் தேடும்போது வந்திருக்கிற செய்திகளையெல்லாம் திறந்துவிடுவாள், என் கணவருக்கு மாலை வரை எதுவும் தெரியாது. அதோடு, ஓட்டுநர் அண்ணன் தம் கைபேசியில் நீல டிக்கை அணைத்துதான் வைத்திருக்கிறார். அப்படி இருக்கும்போது படித்ததாக எப்படிக் காட்டியது?

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

அம்மா, நீல டிக்கை அணைக்கும் அமைப்பு இருவருக்கு இடையிலான தனி உரையாடலுக்கு மட்டுமே செல்லும். குழுக்களில் படித்த அறிவிப்பு எப்போதும் போகும், அதைத் தடுக்க அமைப்பு கிடையாது. ஆகவே செயலர் 6:05 என்று பார்த்ததில் முரண் எதுவும் இல்லை.

உங்களுடைய முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குழு திறக்கப்பட்டு அந்தச் செய்தி திரையில் வந்தது என்பது வரைதான் அந்த நேரம் சொல்லும். திறந்த கை யாருடையது என்பதை எந்தத் தரவுத்தளமும் எழுதி வைப்பதில்லை. 'சேர்ந்தது' என்பதிலும் கவனம் தேவை. அவருடைய கணக்கு வீட்டில் ஒரு கணினியிலோ வேறு கைபேசியிலோ இணைக்கப்பட்டிருந்தால், அங்கே சேர்ந்தாலும் சேர்ந்ததாகவே காட்டும். மாறாக, அறிவிப்புப் பட்டையில் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் குழுவைத் திறக்காதவர், உண்மையில் அறிந்திருந்தும் படிக்காதவராகவே நிற்பார்.

வழக்கறிஞர், சேலம்

சங்கக் கூட்டம் நீதிமன்றம் அல்ல. இருந்தாலும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, உரையாடலை ஏற்றுமதி செய்து கோப்பாகக் கொடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த `.txt` கோப்பில் நாள், நேரம், எழுதியவர், செய்தி ஆகியவை மட்டுமே இருக்கும். டிக்குகளும் இல்லை, உறுப்பினர் வாரியான நேரங்களும் இல்லை. கட்சிக்காரர்கள் நூறு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்த பிறகு இதைச் சொல்ல நேர்வது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டாவது, 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததையும் இணைப்பு திறக்கப்பட்டதையும் டிக் குறிகளைக் கொண்டு ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டி, நீல டிக் என்றாலே சான்று என்று பலரும் பேசுகிறார்கள். அது ஒருவருக்கு நேரடியாக அனுப்பிய அறிவிப்பு. 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும், அந்தச் சான்றிதழில் கருவி ஒழுங்காக இயங்கியதைப் பற்றிய உறுதியும் அடங்கும். செயலரின் திரை முழுமையற்றது என்று நாமே கண்டுபிடித்த பிறகு, அதை வைத்து எந்தப் பக்கமும் வாதிட நான் துணிய மாட்டேன். அவர் புதன் காலையில் கண்ணால் கண்டது அவருடைய வாய்மொழி மட்டுமே.

மலைவேன் செயலர், ஏற்காடு

பொருளாளர் கைபேசியில் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த ஆறு பேரில் இருவர் புதன் காலை 5:31 மணிக்கும் 6:10 மணிக்கும் 'சரிங்க அண்ணா' என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு பதில்களும் என் கைபேசியில் இல்லை. என் திரையை அருகில் வைத்துப் பார்த்தால் அதே இருவருக்கும் செய்தி சேரவே இல்லை என்று காட்டுகிறது. சம்பந்தப்பட்ட ஓட்டுநர் எதுவும் எழுதவில்லை.

பொருளாளர் குழுவின் அட்மினும்கூட. அவருடைய கைபேசியில் என் செய்தியை அழுத்திப் பார்த்தோம், யாருக்குச் சேர்ந்தது என்பதைக் காட்டும் வழியே அதில் இல்லை. சங்க அலுவலகக் கணினியிலும் என் கணக்கை இணைத்து வைத்திருந்தேன். அது நினைவுக்கு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால், புதிய கைபேசியில் பதிந்தபோதே அது வெளியேறிவிட்டிருந்தது.

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

அந்தக் கணினி இருந்தது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது. அட்மினாக இருந்தாலும் பிறர் அனுப்பிய செய்தியின் தகவல் திரை கிடைக்காது. ஆனால் அனுப்பியவருடைய இணைத்த கணினிக்கும் இந்த அறிவிப்புகள் வரும். புதனன்று அது இயங்கிக்கொண்டிருந்தால், புதிய கைபேசியில் எண்ணைப் பதியும் முன் அதைத் திறந்து அந்தத் திரையைப் படம் எடுத்திருக்கலாம். பதிந்தவுடன் அது வெளியேறும், அதில் இருந்த பதிவும் போய்விடும்.

நனைந்த கைபேசியைப் பற்றி எனக்கு ஒரு சிறு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதன் உள்நினைவகத்தில் சேமித்த நகல்களில் கடைசியானதும் புதன் 2 மணியுடையதுதான், ஏனென்றால் அது அன்று பிற்பகலே நின்றுவிட்டது. அடுத்த இரவு வரை தாங்கியிருந்தால் உள் நகலிலேயே 5:52 இருந்திருக்கும். இப்போது அது கிடைக்க வேண்டுமானால், உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையைச் சுத்தம் செய்து அந்தக் கைபேசியையே மீண்டும் எழுப்ப வேண்டும். எழுந்தால், இணையத்தோடு சேர்க்காமல், சிம் போடாமல், ஏரோபிளேன் மோடிலேயே வைத்து வாட்ஸ்அப்பைத் திறந்து தகவல் திரையை மட்டும் படம் எடுக்க வேண்டும். இணையம் கிடைத்தால் எண் வேறு கைபேசியில் பதிந்துவிட்டது என்று அறிந்து வெளியேறிவிடும். இதுவரை சார்ஜ் போட்டுப் பார்க்கவில்லையே?

மலைவேன் செயலர், ஏற்காடு

புதன் இரவு ஒரு முறை போட்டுப் பார்த்தேன். சூடானதால் எடுத்துவிட்டேன்.

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

இனிமேல் போட வேண்டாம். நாளை கொண்டு வாருங்கள், ஞாயிறுக்குள் முடியும் என்று சொல்ல இயலாது.

இனி இதுபோன்ற அறிவிப்பு அனுப்பினால், காலையில் வண்டிகள் கிளம்பியதும் தகவல் திரையை மேலிருந்து கீழ் வரை படம் எடுங்கள். முக்கியமான பெயர்களைத் தொட்டு விரித்து, சேர்ந்த நேரமும் படித்த நேரமும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். பிறகு அமைப்புகளில் `Chats`, அதனுள் `Chat backup` சென்று அப்போதே ஒரு நகலைக் கையால் எடுத்துவிடுங்கள். இரவு 2 மணிக்காகக் காத்திருப்பதுதான் இந்த முறை உங்களைக் கவிழ்த்தது.

அஸ்தம்பட்டி டியூஷன் ஆசிரியை

எங்கள் குழு டெலிகிராம்தான், நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். அங்கே இரண்டாவது டிக் விழுந்தால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன், அது சரியா?

கைபேசித் தரவு மீட்பாளர், சேலம்

இல்லை அம்மா. டெலிகிராம் குழுவில் ஒரே ஒருவர் பார்த்தாலும் இரண்டாவது டிக் விழுந்துவிடும். மற்ற 79 பேரைப் பட்டியலில்தான் தேட வேண்டும், அதுவும் அந்த ஏழு நாளுக்குள். மேலும் அங்கே கைபேசியில் சேர்ந்தது என்று தனியாக ஒரு குறியும் கிடையாது.

மலைவேன் செயலர், ஏற்காடு

ஓட்டுநர் தம்பியிடம் இன்று நேரில் பேசினேன். 6:05 மணிக்குக் கைபேசி சமையலறையில் சார்ஜில் இருந்தது, தாம் வண்டிக்கு அடியில் இருந்தேன் என்கிறார். வீட்டில் வேறு யாரேனும் திறந்தார்களா என்று கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக் கூட்டத்தில் என் திரையையும் பொருளாளர் கைபேசியில் உள்ள இரண்டு பதில்களையும் அருகருகே வைத்து, இந்தத் திரை அவருக்குச் சாதகமாகவும் பேசாது, பாதகமாகவும் பேசாது என்பதை மட்டும் சொல்லப் போகிறேன். நான் கண்ணால் கண்டதையும் சொல்வேன். நனைந்த கைபேசியை நாளை காலை கீழே கொண்டுவருகிறேன்.